‘இது என்ன நட்சத்திரம்?’னு போட்டோ அனுப்பறீங்களா? இந்த மூணையும் சேர்த்துச் சொல்லுங்க!

கறுப்பு வானத்துல ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. அதை மட்டும் அனுப்பினா யாராலயும் பதில் சொல்ல முடியாது. நேரம், திசை, ஊர்... இந்த மூணும் வேணும்.

2025 ஜனவரி 15, மதுரை, இரவு 7 மணின்னு வெச்சுக்குவோம். அன்னிக்கு மேற்கே பளிச்சுனு தெரிஞ்சது வெள்ளி. கிழக்கே மின்னினது வியாழன். போட்டோவுல ரெண்டும் ஒரே மாதிரி புள்ளிதான். பிரிச்சுக் காட்டறது திசை மட்டுமே.

அதே நாள் இரவு 11 மணிக்கு மேற்குப் பக்கம் பார்த்திருந்தா? அது வியாழன். வெள்ளி 10 மணிக்கு முன்னாடியே மறைஞ்சிடுச்சு. பூமி சுத்தறதால வானம் மணிக்கு 15 டிகிரி நகரும். அதனாலதான் நேரம் முக்கியம்.

ஊர் எதுக்கு? அகத்திய நட்சத்திரம் சென்னையில தெற்கே 24 டிகிரி உயரம் வரை ஏறும். டெல்லியில 9 டிகிரிதான். லண்டன்ல தெரியவே தெரியாது.

எடுக்கும்போது மொட்டைமாடிச் சுவரோ மரமோ ஃபிரேம்ல இருக்கட்டும், உயரம் புரியும். போன் காம்பஸ்ல திசையைக் குறிச்சுக்கோங்க. வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா போட்டோவோட நேரம், இடம் அழிஞ்சிடும். அதனால ‘டாக்குமென்ட்’டா அனுப்புங்க, இல்லைன்னா கீழேயே டைப் பண்ணிடுங்க.