காலை எட்டரை மணி ஈரப்பதமும் கமுதியின் மிளகாய் நாற்றங்காலும்

இராமநாதபுரம் மாவட்டத்து நிழல்வலைக் குடில்களைப் பற்றி எழுதியவர்களில் ஒரு சாரார் தொடர்ந்து ஒரு கருத்தை முன்வைத்து வருகின்றனர். மாவட்டம் கடலோரம், காற்றில் ஈரம் மிகுதி, ஆகவே இங்கே நாற்றங்காலின் முதல் சிக்கல் மிகை ஈரப்பதம். நாற்றழுகல் அதனால்தான் வருகிறது. நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறை எதுவும் இங்கே பலிக்காது. இம்மூன்று முடிவுகளும் ஒரே தரவின் மேல் நிற்கின்றன. அந்தத் தரவைக் கமுதிக்குப் பொருத்திப் படித்த விதம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்தத் தரவு பாம்பன் வானிலை நிலையத்தின் ஒப்பு ஈரப்பதப் பதிவு. நீண்ட காலப் பதிவு என்பதால் அதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. ஆனால் பாம்பன் நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் இருக்கிறது. கமுதியோ அங்கிருந்து நேர்கோட்டில் 90 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே, தென்கடற்கரையிலிருந்தும் 30 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, குண்டாற்றங்கரைக் கரிசலில் இருக்கிறது. ஆடி, ஆவணியில் இங்கே வீசுவது மேற்கு மலைகளைத் தாண்டி, மழையை அங்கேயே இறக்கிவிட்டு, காய்ந்த நிலத்தின் மேல் ஓடி வரும் காற்று. ஒரே மாவட்டம் என்பது வருவாய்த்துறைக்கு உண்மை, காற்றுக்கு அல்ல.

இருந்தாலும் இட வேறுபாட்டை வைத்து வாதிட நான் விரும்பவில்லை. கமுதிக் காற்றிலும் பாம்பன் அளவுக்கே நீராவி இருப்பதாக ஒப்புக்கொண்டே பார்ப்போம். அப்போதும் அவர்கள் முடிவு நிற்காது. காரணம், அளந்த மணி. நம் வானிலைத் துறையின் காலநிலை அட்டவணைகள் ஒப்பு ஈரப்பதத்தைக் காலை 8.30, மாலை 5.30 என்ற இரு வேளைகளுக்குத் தருகின்றன. இவற்றுள் காலை மதிப்பே ‘இம்மாவட்டத்தின் ஈரப்பதம்’ என்று கட்டுரைக்குக் கட்டுரை எடுத்தாளப்படுகிறது. நாற்று வாடும் பிற்பகல் இரண்டு மணி இவ்விரு வேளைகளுக்கும் நடுவே விழுந்து காணாமற்போகிறது.

எடுத்துக்காட்டாக ஓர் ஆவணி நாளைக் கொள்வோம். காலை 8.30 மணிக்கு வெப்பநிலை 29 டிகிரி செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு. அப்போது காற்றிலுள்ள நீராவியின் அழுத்தம் ஏறக்குறைய 3.2 கிலோபாஸ்கல். அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடியது 4 கிலோபாஸ்கல். இரண்டுக்கும் உள்ள இடைவெளி, அதாவது நீராவி அழுத்தப் பற்றாக்குறை, வெறும் 0.8. இளநாற்றுக்கு இது இதமான நிலை.

அதே நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு வெப்பநிலை 38 டிகிரி. காற்றில் ஒரு சொட்டு நீராவி கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 38 டிகிரியில் காற்று தாங்கக்கூடியது 6.6 கிலோபாஸ்கலாக உயர்ந்துவிடுகிறது. ஒப்பு ஈரப்பதம் 48 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. பற்றாக்குறை 3.4, காலையில் இருந்ததைப் போல நான்கு மடங்குக்கு மேல். இரண்டிலை விட்ட மிளகாய் நாற்றின் வேர் குழித்தட்டின் ஒரு குழிக்குள் அடங்கியிருப்பது. அத்தனை வேகமாக இழுக்கும் காற்றுக்கு அதனால் நீர் கொடுத்து மாளாது. இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது, இலை சூடேறுகிறது. மாலை 5.30க்கு வெப்பம் 33 டிகிரிக்கு இறங்கினால் ஈரப்பதம் 64 விழுக்காடு என்று பதிவாகும். விடியற்காலை 26 டிகிரியில் அதே நீராவி 95 விழுக்காடாகிவிடும். மிகை ஈரம் என்று அவர்கள் சொல்வது இங்கே உண்டு. ஆனால் அது இரவின் நிலை. பகலில் இருப்பது கடும் பற்றாக்குறை. ஒரே குடிலுக்குள் ஒரே நாளில் இரு வேறு பருவங்கள் வந்துபோகின்றன. இரண்டையும் சராசரியாக்கினால் எந்த வேளைக்கும் பொருந்தாத ஓர் எண் மட்டுமே மிஞ்சும்.

ஆவியாக்கிக் குளிர்விப்பது பலிக்காது என்ற முடிவும் இதே வழியில் வந்ததுதான். அதன் பயனை நிர்ணயிப்பது ஈரக்குமிழ் வெப்பமானிக்கும் உலர்குமிழ் வெப்பமானிக்கும் உள்ள வேறுபாடு. மேற்சொன்ன நாளில் காலை 8.30 மணிக்கு அது மூன்று டிகிரிகூட இல்லை. அதை மட்டும் பார்த்தவர் முயற்சி வீண் என்றுதான் சொல்வார். இரண்டு மணிக்கோ ஈரக்குமிழ் ஏறத்தாழ 28 டிகிரி காட்டும். வேறுபாடு பத்து டிகிரியை நெருங்குகிறது. குளிர்ச்சி தேவைப்படும் வேளையில்தான் அதற்கு வாய்ப்பும் இருக்கிறது.

இதைச் சொன்னதும் விசிறியும் ஈரத்திண்டும், பனிப்புகைத் தெளிப்பானும் வாங்கி மாட்டுங்கள் என்று நான் பரிந்துரைப்பதாகக் கொள்ள வேண்டாம். இப்பகுதியின் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்நீர். தெளிப்பானின் நுண்துளையில் உப்பு கட்டும். இலை மேல் விழுந்த திவலை காய்ந்ததும் இலைவிளிம்பு கருகும். ஊருணி நீரோ குடிநீர்த் தேவைக்கே போதாத மாதங்கள் இவை. எனவே இங்கே ஆவியாக்க வேண்டிய இடம் காற்று அல்ல, தரை. குழித்தட்டுகளுக்கு இடையிலுள்ள நடைபாதையில் மணல் பரப்பி, முற்பகல் பதினொன்றுக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில் அதை நனைத்து வைத்தால் போதும். இதற்கு உவர்நீரே ஆகும். இலையில் படாமல் பார்த்துக்கொண்டால் சரி.

இனி, அவர்கள் வாதத்தைக் களத்திலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மிகை ஈரம்தான் பகலின் சிக்கல் என்றால், காற்று நேராக வந்து மோதும் மேற்கு ஓரத்துத் தட்டுகள்தான் செழித்து நிற்க வேண்டும். ஆவணியில் ஒரு குடிலுக்குள் பிற்பகலில் போய்ப் பாருங்கள். மேற்கு ஓரத்துத் தட்டுகளில் தென்னை நார்க்கழிவு ஓரம் விட்டுச் சுருங்கி, பழுப்பு நிறம் வெளுத்து, தட்டைத் தூக்கினால் சடாரென்று கைக்கு வரும். நடுவரிசைத் தட்டு கனமாக இருக்கும். முதலில் தலை கவிழ்வது மேற்கு ஓரத்து நாற்றே. காற்றை அடைக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. படுதாவை இறக்கிப் பக்கங்களை மூடினால் நீராவி சற்றுத் தேங்கும், வெப்பமோ அதைவிட விரைவாக ஏறும். குடிலுக்குச் சில மீட்டர் மேற்கே அகத்தி வரிசை ஒன்று வைத்துக் காற்றின் வேகத்தை உடைப்பதும், பக்கங்களைத் திறந்தே விடுவதும் முறை.

‘திறந்தே’ என்று சொல்லும்போது பூச்சித்தடுப்பு வலையைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, ஓர் ஏக்கர் வீரிய மிளகாய்க்கு மூன்று சென்ட் நாற்றங்கால். மேலே 50 விழுக்காட்டு நிழல்வலை, பக்கங்களில் 40 அல்லது 50 மெஷ் வலை, 98 குழிகள் கொண்ட தட்டு. இலைச்சுருட்டை நச்சுயிரியைச் சுமந்து வரும் வெள்ளை ஈயைத் தடுக்க அந்தப் பக்கவலை தேவை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 40 மெஷ் வலையில் ஓர் அங்குலத்துக்கு 40 இழைகள். இழையின் தடிமன் கால் மில்லிமீட்டரை ஒட்டியது என்றால் துளையின் அகலம் 0.4 மில்லிமீட்டர், வலையின் பரப்பில் காற்றுக்குத் திறந்திருப்பது நூற்றுக்கு 40 பங்குதான். இலைப்பேன் இதில் தாராளமாக நுழையும். அதைத் தடுக்க இன்னும் நெருக்கமான வலைக்குப் போனால் காற்று மேலும் குறையும்.

இதைவிடப் பெரிய சேதத்தைச் செய்வது புழுதி. கரிசல் மண் ஆடிக் காற்றில் பறந்து மேற்குப் பக்க வலையில் படிகிறது. வலைக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தால் நாற்றின் வரிசை தெளிவாகத் தெரிய வேண்டும். சாம்பல் திரை போட்டது போல மங்கலாகத் தெரிந்தால் துளைகளில் பாதி அடைந்துவிட்டது என்று கொள்ளலாம். காற்று பாதியானால், உள்ளே சேரும் வெப்பம் வெளியேற முடியாமல், வெளிக்கும் உள்ளுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு ஏறத்தாழ இரட்டிக்கும். மூன்று டிகிரி கூடுதலாக இருந்த குடில் ஆறு டிகிரி கூடுதலாகும். வாரம் ஒருமுறை வலையை உள்ளிருந்து வெளியே நீரடித்துக் கழுவுவது, எந்தக் கருவியை வாங்குவதையும்விட இங்கே பயன் தரும். நிழல்வலையின் விழுக்காட்டைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதும் கட்டுரைகள் பக்கவலையின் புழுதியை ஒரு வரியிலும் தொடுவதில்லை என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

நாற்றழுகலுக்கு வருவோம். பித்தியம் போன்ற பூசணங்களுக்குத் தேவை பகல் காற்றின் ஈரப்பதம் அல்ல. தண்டின் அடியில், ஊடகத்தின் மேற்பரப்பில் தேங்கி நிற்கும் நீர். மாலை ஐந்து மணிக்குப் பூவாளி பிடித்த நாற்றங்காலில் அந்த நீர் போக வழியில்லை. விடியற்காலையில் காற்றின் பற்றாக்குறை 0.2 கிலோபாஸ்கலுக்கும் கீழே போய்விடுகிறது. காலை எட்டு மணிக்கும் இலை நுனியில் நீர்த்துளி நின்றால், முதல்நாள் நீர் மிகையாகவோ பிந்தியோ விடப்பட்டது என்பதற்கு அது அடையாளம். காலையில் ஒருமுறை நிறைவாகவும், தேவையானால் நண்பகலுக்கு முன் ஒருமுறை அளவாகவும் நீர் விட்டு, அதற்குப் பின் நாற்றின் மேல் பூவாளி பிடிக்காமல் இருந்தால், பகலின் பற்றாக்குறையே இரவுக்குள் மேற்பரப்பை உலர்த்திக் கொடுக்கும். நாற்றுக்குப் பகலில் இடர் தரும் அதே காற்று நோய்க்கு எதிராக வேலை செய்கிறது; அதை வேலை செய்ய விட வேண்டும்.

விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முளைக்கும்வரை பாலித்தீன் தாளால் மூடுவது பரவலான வழக்கம். இதையும் குடிலுக்குள் செய்யக் கூடாது என்பேன். மிளகாய் விதைக்கு 25 முதல் 30 டிகிரி உகந்தது. நண்பகல் வெயிலின் பாதி விழும் இடத்தில் மூடிய தாளுக்குள் வெப்பம் அதைத் தாண்டிப் போகும். ஓட்டு வீட்டின் உள்ளறை இதற்கு ஏற்ற இடம்.

எதிர்வாதங்களில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். கமுதி, முதுகுளத்தூர்ப் பகுதியின் முண்டு மிளகாய் பெரும்பாலும் மானாவாரியில் நேரடியாக விதைக்கப்படுவது, அங்கே நாற்றங்காலின் நுண்காலநிலை யாருக்குத் தேவை என்பது ஒன்று. மழை பிந்தும் ஆண்டில் கையில் நாற்று இருப்பவருக்கு அதன் தேவை தெரியும். பற்றாக்குறையை உழவர் எப்படி அளப்பார் என்பது மற்றொன்று. ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகள், ஒன்றின் குமிழில் ஈரத்துணி, வெயில் படாமல் மேலே ஒரு தட்டு, தொங்கவிடுவது நாற்றின் உயரத்தில்: இவ்வளவுதான் கருவி. இரண்டுக்கும் இடையே எட்டு டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் பாதை மணலை நனைக்க வேண்டிய வேளை அது.

ஐப்பசியில் மழை இறங்கிய பின் இக்கணக்கு தலைகீழாகும். மேகமூட்டத்தில் நிழல்வலையைச் சுருட்டி எடுக்காவிட்டால் நாற்று வெளுத்து நெடுநெடுவென்று வளரும். அது தனியே எழுத வேண்டிய பொருள். ஆவணி, புரட்டாசி நாற்றங்காலைப் பொறுத்தவரை என் வேண்டுகோள் ஆய்விதழ்களுக்கானது: ஒப்பு ஈரப்பதத்தை அச்சிடும் எந்தக் கட்டுரையிலும், அளந்த மணியும் அந்த வேளையின் வெப்பநிலையும் உடன் இல்லையென்றால் அந்த எண்ணை ஏற்காதீர்கள்.