முசிறி முதல் புகார் வரை: பயிற்சித்தாளின் புறவுருவப் படமும் அதன் குறிவிளக்கமும்

புலம்பெயர் நாடுகளின் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் சங்ககால வணிகத்தைக் கற்பிக்கும்போது, மாணவர் கையில் பெரும்பாலும் இன்றைய தமிழ்நாட்டு மாநிலத்தின் புறவுருவப் படமே தரப்படுகிறது. மேற்கடல் துறைமுகங்களுக்கு அதில் இடமில்லை. ஆகவே முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகார் வரை சென்றதாகக் கருதப்படும் வழியைக் குறிக்க வேண்டுமெனில், முதலில் படத்தின் சட்டத்தை மாற்றவேண்டும். வட அகலாங்கு 8 முதல் 12.5 பாகை வரையும் கிழக்கு நெட்டாங்கு 75.5 முதல் 80.5 பாகை வரையும் கொண்ட சட்டம் போதுமானது. ஈழத்தின் மாந்தையும் இதனுள் அடங்கும். 1 செ.மீ. 30 கி.மீ. என்னும் அளவுத்திட்டத்தில் இப்பரப்பு ஏ4 தாளின் அகலத்துள் அமைந்துவிடும். குறிவிளக்கத்திற்குத் தாளின் அடியில் இடம் மிஞ்சும்.

ஊர்களுக்கு முன்னர் ஆறுகளை வரைவதே முறை. கொடுமணல் நொய்யலின் கரையிலும் கரூர் அமராவதியின் கரையிலும் உறையூர் காவிரியின் தென்கரையிலும் அமைந்தமையால், ஆறு சரியாக விழுந்தால் ஊர் தானே தன் இடத்தைக் காட்டும். பிழை நேரும் இடம் திருவரங்கத்திற்கு மேற்கே உள்ளது. அங்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இன்றைய படங்களில் கொள்ளிடம் தடித்த கோடாகவும், பூம்புகாரை அடையும் காவிரி மெல்லிய கோடாகவும் இருக்கும். தடித்த கோட்டைப் பின்தொடரும் மாணவர் புகாரை ஏறத்தாழ 8 மி.மீ. வடக்கே, கொள்ளிடத்தின் முகத்துவாரத்தில் வைத்துவிடுவார். மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தையும் படத்திலிருந்து அழித்துவிடவேண்டும். அது 1934இல் நிறைவுற்ற அணையின் விளைவு.

ஊர்களைக் குறிக்கையில் பெயரே ஏமாற்றுகிறது. அட்டவணையில் முசிறி என்று தேடினால் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் காவிரிக்கரையில் உள்ள ஊர்தான் முதலில் கிடைக்கும். அது கரூருக்கும் உறையூருக்கும் இடையே, வரையவேண்டிய வழியின் மேலேயே அமைந்திருப்பதால் பிழை கண்ணுக்குத் தெரிவதில்லை. துறைமுகமோ பெரியாற்றின் கழிமுகத்தைச் சார்ந்தது. இரண்டிற்கும் இடையே படத்தில் ஏறத்தாழ 9 செ.மீ. தொலைவு உண்டு. புள்ளியிட்ட ஆறு எந்தக் கடலில் விழுகிறது என்று கேட்டால் தவறு உடனே புலப்படும். தொண்டிக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. சேரர் தொண்டி மேற்குக் கரையது, இன்று அப்பெயருடன் அறியப்படும் ஊர் கிழக்குக் கரையது.

கொற்கையின் சிக்கல் வேறு. பொருநையாற்றின் முகத்துவாரத்தில் முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்றிருந்த அத்துறை, வண்டல் படிந்து கடல் விலகியமையால், இன்று கரையிலிருந்து 6, 7 கி.மீ. உள்ளே கிடக்கிறது. படத்தில் இது 2 மி.மீ.க்குச் சற்று மேல். மாணவர் இடும் புள்ளியின் விட்டமே 2 மி.மீ. இருக்கும் என்பதால், புள்ளியைக் கரையோடு ஒட்டி இடுவதா, உள்ளே தள்ளி இடுவதா என்னும் ஐயம் எழும். ஊரை அதன் இன்றைய இடத்திலேயே குறித்து, கிழக்கே பழைய கரையைப் புள்ளிக்கோட்டால் காட்டுவதாகக் கருதி மயங்குவோர் உண்டு; பழைய கரை ஊரை ஒட்டி, இன்றைய கரைக்கு மேற்கே செல்லவேண்டும். அப்புள்ளிக்கோடும் குறிவிளக்கத்தில் இடம்பெறவேண்டும். இல்லையேல் அதைப் படிப்பவர் எல்லைக்கோடு என்றே கொள்வார்.

குறிவிளக்கம் நிறங்களின் பட்டியலாக நின்றுவிடுவதே இப்பயிற்சித்தாள்களின் பெருங்குறை. சான்றின் வகையை அது சொல்லவேண்டும். அகழாய்வு நடந்த கொடுமணல், உறையூர், கொற்கை, அரிக்கமேடு ஆகியவற்றுக்கு நிறைவட்டம். நூல்களால் மட்டும் அறியப்பட்டு இடம் உறுதிப்படாத சேரர் தொண்டிக்கு வெறுவட்டம். உரோமானிய நாணயப் புதையல் கிடைத்த வெள்ளலூருக்கு முக்கோணம். பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வு அதனை முசிறியோடு இணைக்க வலுவான காரணம் தந்தது. எனினும் இணைப்பு விவாதத்திற்கு உட்பட்டதே. எனவே நிறைவட்டத்தின் அருகே 'பட்டணம் (முசிறி?)' என்று எழுதுவதே நேர்மை.

இறுதியாக வழி. செங்கடலிலிருந்து வரும் கடல்வழியை எரித்திரேயக் கடற்பயண நூல் விவரிக்கிறது. கப்பல்கள் எகிப்திலிருந்து சூலையில் புறப்பட்டதையும் கூறுகிறது. ஆகவே சட்டத்தின் மேற்கு ஓரத்திலிருந்து முசிறிக்கு அம்புக்குறியோடு முழுக்கோடு இடலாம். தரைவழிக்கு அத்தகைய விவரணை இல்லை. வெள்ளலூர், கொடுமணல், கரூர் ஆகியவற்றின் கண்டெடுப்புகளை இணைத்து ஆய்வாளர் ஊகித்த வழி அது. எனவே முறிகோடே பொருந்தும். கோவைக்கு மேற்கே இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இருக்கிறதே என்று வினவப்படலாம். அக்கல்வெட்டு பல நூற்றாண்டு பிற்பட்டது. கணவாயில் ஒரு பெருவழி பின்னர் இருந்ததற்கு அது சான்று. அதனைக் காட்ட விரும்பும் ஆசிரியர் வேறொரு நிறத்தில் சிறு கோடு இட்டு, காலத்தையும் குறிவிளக்கத்தில் எழுதுவாராக.