பூனாச்சியின் உடல்: நீதிக்கதையிலிருந்து நாவலுக்கு வந்த விலங்கு

பஞ்சதந்திரத்தில் வரும் நரிக்குப் பசி உண்டு; ஆனால் வயிறு இல்லை. அதன் பசி சூழ்ச்சியைத் தொடங்கிவைக்கும் காரணம் மட்டுமே. சிங்கம் வலிமைக்கும் முயல் சமயோசிதத்துக்கும் மறுபெயர்கள். கதை முடிந்ததும் நீதி மிஞ்சும், விலங்கு மறைந்துவிடும். தாண்டவராய முதலியார் 1826இல் பஞ்சதந்திரத்தை மராத்தியிலிருந்து தமிழ் உரைநடைக்குக் கொண்டுவந்தபோது அது படிப்பிக்கும் நூலாகப் பயன்பட்டதில் வியப்பில்லை. இவ்வகைக் கதையின் அரசியலையும் கவனிக்க வேண்டும். சிங்கம் மானைத் தின்பது இயற்கை. அதை மாற்ற முடியாது. ஆகவே இக்கதைகள் பலவீனருக்குச் சொல்வது பிழைத்துக்கொள்ளும் வழியைத்தான். அதிகாரம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

பெரியவர்களுக்கான புனைவில் விலங்கு நுழைந்தபோது அந்தக் கேள்வியும் சேர்ந்து நுழைந்தது. டால்ஸ்டாய் 1886இல் வெளியிட்ட ‘கோல்ஸ்டோமர்’ என்ற குறுநாவலில் ஒரு கிழட்டுக் குதிரை தன் வாழ்வைச் சொல்கிறது. மனிதர்கள் ஏன் நிலத்தையும் குதிரையையும் ‘என்னுடையது’ என்கிறார்கள் என்பது அதற்கு விளங்குவதே இல்லை. தனக்குத் தீனி போடுபவன் ஒருவன், தன்னை உடைமை என்று சொல்பவன் வேறொருவன். ரஷ்ய விமர்சகர் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி 1917இல், பழகிப்போன ஒன்றைப் புதிதாய்க் காணச்செய்யும் உத்திக்கு இக்கதையையே எடுத்துக்காட்டாக்கினார். இங்கே விலங்கு ஒரு குணத்தின் பெயராக இல்லாமல் ஒரு பார்வைக் கோணமாக மாறியிருக்கிறது.

ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ (1945) வேறு வழியில் சென்றது. அதன் பன்றிகளுக்குச் சோவியத் வரலாற்றில் நேரடி மூலங்கள் உண்டு: நெப்போலியன் ஸ்டாலின், ஸ்நோபால் டிராட்ஸ்கி. இந்தப் பொருத்தத்தில் ஆர்வெல் எவ்வளவு கறாராக இருந்தார் என்பதற்கு ஒரு சான்று போதும். காற்றாலை வெடிவைத்துத் தகர்க்கப்படும்போது எல்லா விலங்குகளும் தரையில் விழுவதாக எழுதியிருந்தவர், நூல் அச்சாகும் முன் 1945 மார்ச்சில் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதி, நெப்போலியன் மட்டும் விழவில்லை என்று திருத்தச் சொன்னார். ஜெர்மானியர் நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டு ஓடவில்லை. அந்த நியாயத்தைச் செய்ய வேண்டும் என்பது அவர் வாதம். உருவகத்தில் ஒரு சொல் பிசகினாலும் வரலாறு பொய்யாகிவிடும் என்ற பொறுப்பு அது. நூலின் இறுதியில் பன்றிகள் மனிதர்களாகிவிடுகின்றன. ஆள்வது பன்றியின் இயற்கை அல்ல, ஆள்பவராகப் பன்றிகள் மாறின என்று காட்டி, நீதிக்கதை மாறாதது என்று வைத்திருந்ததை ஆர்வெல் உடைத்தார். ஆனால் இவ்வகை உருவகத்துக்கு ஒரு விலை உண்டு. யார் யாரென்று தெரிந்ததும் பன்றி பன்றியாக இருக்க வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது. உழைத்துத் தேயும் குதிரை பாக்ஸரிடம் மட்டும்தான் அந்தச் சட்டகத்தை மீறிய ஓர் உடலை உணர்கிறோம்.

பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ (2016) இந்த இரண்டு வழிகளும் சேருமிடம். ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பின் முடிவில் 2015 ஜனவரியில் தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அதன் பின் வந்த நாவல் இது. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுதப் பேரச்சம், எனவே ஆடு என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். இதனால் பல வாசகர்கள் நாவலை ஒரு மறைமொழியாக மட்டும் படித்தார்கள். அதற்கு இடம் கொடுக்கும் பகுதியும் உண்டு. ஆட்டுக்குட்டிக்குக் காது குத்திப் பதிவுசெய்ய மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். கறுப்பு ஆடு என்பதாலேயே அதிகாரிகள் சந்தேகப்படுகிறார்கள். இது எங்கிருந்து வந்தது என்று துருவுகிறார்கள். அரசு, அடையாள எண், நிறம், பேச அஞ்சும் குடிமக்கள் என எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. பகுதி கூர்மையானது. ஆனாலும் நாவலின் ஆழம் அங்கே இல்லை என்பதே என் கருத்து. ஆட்டுக்குப் பதில் மனிதரை வைத்தாலும் அந்த வரிசை பெரிதாக மாறாது.

மாற்றி வைக்கவே முடியாத இடங்களில்தான் நாவல் தன் பலத்தைக் காட்டுகிறது. பூனாச்சி ஏழு குட்டிகள் ஈனுகிறாள். வெள்ளாடு வழக்கமாக ஒன்றிரண்டு குட்டி போடும், சில வேளை மூன்று. அதற்கு இருப்பது இரண்டே காம்புகள். ஏழு வாய்களுக்கு இரண்டு காம்பு என்ற கணக்கில் அற்புதமும் பட்டினியும் ஒன்றாகவே பிறக்கின்றன. ஊருக்கு அது அதிசயம். அவளை வளர்க்கும் கிழவனுக்கும் கிழவிக்கும் அது கையில் வரப்போகும் பணம். தாயின் உடலுக்கு அது தேய்வு. மூன்று பொருள்களும் ஆட்டின் உடலிலிருந்தே எழுகின்றன. வெளியிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து ஆட்டின்மேல் போர்த்த வேண்டிய அவசியமே இல்லை.

‘மாதொருபாகன்’ இங்கே நினைவுக்கு வருவது வழக்கின் காரணமாக மட்டுமல்ல. அங்கே பொன்னாவுக்குக் குழந்தை இல்லை. ஊரும் உறவும் அவளைத் துளைத்தெடுக்கின்றன. இங்கே பூனாச்சிக்கு வேண்டிய அளவுக்கு மேல் பிறக்கிறது. அவள் விரும்பிய கிடா பூவன். அவள் சேர்க்கப்படுவதோ மனிதர் தேர்ந்த வேறொரு கிடாவுடன். பூவன் பலியாகிறான். மலடு, வளம் என்ற இரு எதிர்முனைகளிலும் பெண்ணுடலின் மீது முடிவெடுப்பவர் வேறொருவர்தான். மனிதப் பெண்ணைக் கொண்டு சொன்னபோது ஓர் ஊரின் மானப்பிரச்சினையாக்கப்பட்ட செய்தியை, ஆட்டைக் கொண்டு சொன்னபோது எவரும் எதிர்க்கவில்லை. நீதிக்கதை வடிவம் எழுத்தாளருக்குத் தந்த பாதுகாப்பு இது. அந்தப் பாதுகாப்புக்குள் அவர் தன் பழைய விசாரணையைத் தொடர்ந்தார்.

இதைவிடவும் முக்கியமானது கிழவி. பூனாச்சியைப் பிழைக்கவைத்தவள் அவள். தன் பூனையின் பெயரைக் குட்டிக்கு வைத்தவள் அவள். குட்டிகளை விற்கும் வீடும் அவளுடையதுதான். நாவலில் ஒரு வில்லனைத் தேடுபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். அன்பும் உடைமையும் ஒரே கையில் இருக்கின்றன. வறட்சி வரும்போது அந்தக் கை என்ன செய்யும் என்பதை ஆடு முன்கூட்டி அறிய முடியாது. டால்ஸ்டாயின் குதிரை உடைமையைக் கேள்வி கேட்டது. பூனாச்சி கேட்பதில்லை. அவள் அந்தக் கிழவியை நேசிக்கிறாள். கேள்வி வாசகரிடம் வந்து சேர்கிறது. தந்தை மகள், கணவன் மனைவி, பண்ணையார் பண்ணையாள் என்று எத்தனை உறவுகளில் இந்தப் பாசமும் ஆதிக்கமும் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன என்று யோசித்தால், உருவகம் எவ்வளவு தூரம் விரிகிறது என்பது புரியும். ஒருவருக்கு ஒருவர் என்று பொருத்தும் ஆர்வெல் முறையால் எட்ட முடியாத தூரம் இது.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. எல்லாவற்றையும் குறிக்க முடிகிற உருவகம் எதையும் குற்றம் சாட்டாமல் நழுவவும் கூடும். ஆர்வெல்லின் நூலைப் படித்த எவருக்கும் அது யாரைக் குறிவைத்தது என்பதில் ஐயமில்லை. பூனாச்சியின் அரசோ பெயரில்லாதது. அசுரர் உலகத்து அரசு. காது குத்தும் பகுதிக்குப் பிறகு அது கதையின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. பஞ்சமும் குடும்பமும் நடுவில் வந்து நிற்கின்றன. அரசியல் நையாண்டியாக மட்டும் அளந்தால் நாவல் பாதியில் தளர்ந்துவிட்டதாகவே தோன்றும். அன்போடு வளர்த்தவரே உடைமையாளராகவும் இருப்பதைப் பற்றிய கதையாகப் படித்தால், அந்த இரண்டாம் பாதிதான் நாவல்.