முன்பின் அறியாதவருக்கு எழுதும் மின்னஞ்சலில் விளி: ஆங்கில மடல் மரபின் ஒரு வரலாறு

மடலின் தொடக்கத்தில் பெறுநரை அழைக்கும் சொல் விளி எனப்படும். ஆங்கில அலுவல் மடலில் ‘டியர்’ என்ற சொல்லை அடுத்து மிஸ்டர், மிஸஸ், மிஸ் என்னும் பட்டங்களுள் ஒன்றும் அதன்பின் குடும்பப்பெயரும் வருவது நெடுநாளைய வழக்கம். ஆதலால் எழுதுபவர், தாம் சொல்லவந்த பொருளுக்குத் தேவைப்படாவிட்டாலும், பெறுநர் ஆணா பெண்ணா என்பதையும், பெண்ணாயின் மணமானவரா என்பதையும் முன்னரே அறிந்திருக்க வேண்டியிருந்தது. இவ்விரண்டும் ஒரே காலத்தில் தோன்றியவை அல்ல. ஒரே காலத்தில் தளர்ந்தவையும் அல்ல.

மணநிலையைச் சுட்டும் வழக்கம் இவற்றுள் பிந்தியது. மிஸஸ், மிஸ் ஆகிய இரண்டுமே, வீட்டையோ தொழிலையோ ஆள்பவள் எனப் பொருள்படும் ‘மிஸ்ட்ரஸ்’ என்ற சொல்லின் குறுக்கங்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மிஸஸ் என்பது மணத்தை அன்றிச் சமூக மதிப்பையே குறித்தது என்பதையும், வளர்ந்த பெண்கள் தம்மை மிஸ் என்று அழைத்துக்கொள்ளத் தொடங்கியது அதன் பின்னரே என்பதையும் வரலாற்றாசிரியர் ஏமி எரிக்சன் நிறுவியுள்ளார்.

இந்தப் பிரிவினை மடல் எழுதுவோருக்கு உண்டாக்கிய இடர்ப்பாட்டுக்கு, 1901 நவம்பர் 10 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ‘ஸ்பிரிங்ஃபீல்டு சண்டே ரிபப்ளிகன்’ இதழில் வெளிவந்த, பெயரிடப்படாத ஒரு குறிப்பு தீர்வு கூறியது. எம், எஸ் என்னும் இரண்டெழுத்துகளை மணநிலை சுட்டாத பட்டமாகக் கொள்ளலாம் என்பதே அத்தீர்வு. அது அப்போது வேரூன்றவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின் அதே பட்டத்தை அமெரிக்கத் தேசிய அலுவலக மேலாண்மைச் சங்கம் பரிந்துரைத்தது; அதன் நோக்கம் பெண்ணுரிமை அன்று, தட்டச்சர்களின் நேரத்தை மிச்சப்படுத்துவது. அச்சங்கம் வகுத்த ‘எளிய மடல்’ முறை இன்னும் ஒரு படி மேலே சென்று, விளியையும் இறுதி வணக்கத்தையும் அறவே நீக்கிவிட்டு, விளியின் இடத்தில் பொருள் வரியைப் பெரிய எழுத்துகளில் வைத்தது. இன்றைய மின்னஞ்சலின் அமைப்பை இது பெரிதும் ஒத்திருப்பது கவனிக்கத்தக்கது.

எம்.எஸ். பொதுவழக்கானதற்கு 1961இல் தொடங்கி ஷீலா மைக்கேல்ஸ் செய்த முயற்சியும், 1971 இறுதியில் அப்பட்டத்தையே பெயராகக் கொண்டு வெளிவந்த இதழும் காரணமாயின. எனினும் ‘நியூயார்க் டைம்ஸ்’ அதை ஏற்க 1986 ஜூன் வரை ஆயிற்று. அந்த மறுப்பின் பொருந்தாமையை 1984இல் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட ஜெரால்டின் ஃபெராரோவின் பெயரே காட்டிவிட்டது. ஃபெராரோ என்பது அவருடைய தந்தைவழிக் குடும்பப்பெயர். கணவரின் குடும்பப்பெயர் ஸக்காரோ. மணமானவராதலால் அவரை மிஸ் எனல் தவறு. மிஸஸ் ஃபெராரோ என்றாலோ, மரபின்படி அது அவருடைய தாயாரையே குறிக்கும்.

எம்.எஸ். மணநிலையை மட்டுமே விளியிலிருந்து நீக்கியது. பால் குறிப்பு அப்படியே நின்றது. மின்னஞ்சல் பரவியபோது இக்குறை பெரிதாயிற்று. ஏனெனில் கையெழுத்தோ குரலோ இடையில் நிற்பவரோ இல்லாமல், முகவரிக்கு முன் தோன்றும் பெயர் ஒன்றை மட்டுமே கொண்டு வேற்றுநாட்டவருக்கு எழுத வேண்டியதாயிற்று. பால் சுட்டாத எம்.எக்ஸ். என்னும் பட்டம் 1977 முதல் அச்சில் காணப்படுகிறது; ஆனால் அதைத் தாமே தேர்ந்துகொண்டவருக்கன்றி, அறியாத ஒருவருக்கு அதை இடுவதும் ஓர் ஊகமே. ஆகவே ‘டியர்’ என்பதை அடுத்துப் பட்டமின்றி முழுப்பெயரையும் எழுதும் முறை வலுப்பெற்றது. பிரெஞ்சு ரயில் பயணச்சீட்டு விற்பனை நிறுவனமொன்று வாடிக்கையாளரின் பட்டத்தைக் கட்டாயமாகக் கேட்டது பற்றிய வழக்கில், வணிக மடல்களை எழுத அத்தகவல் இன்றியமையாதது அன்று என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2025 ஜனவரி 9 அன்று தீர்ப்பளித்ததும் இப்போக்கிற்கு இசைந்ததே.

தமிழ்ப் பெயர்களிடத்தில் இம்முறையின் பயன் இன்னும் தெளிவாகும். கண்மணி முருகேசன் என்ற பெயரை எடுத்துக்கொண்டால், கண்மணி இருபாலருக்கும் வழங்கும் பெயர். முருகேசன் குடும்பப்பெயர் அன்று, தந்தை பெயர். கடவுச்சீட்டின் குடும்பப்பெயர்க் கட்டத்தில் முருகேசன் என்று நிரப்பப்பட்டிருப்பின், மிஸ்டர் முருகேசன் என்று தொடங்கும் மடல் மகளுக்கு வந்தாலும் தந்தையையே அழைக்கும். எம்.எஸ். முருகேசன் என்றாலும், ஃபெராரோவுக்கு நேர்ந்ததுபோல், அவ்விளி வேறொருவரின் பெயரில்தான் போய் நிற்கும். தமிழ் மடலில் ‘அன்புடையீர்’ என்னும் மரியாதைப் பன்மை பாலையும் மணத்தையும் கேளாமலே இப்பணியைச் செய்துவிடுகிறது; ஆங்கிலத்தில் அத்தகைய வடிவம் இல்லாததால், முழுப்பெயரைப் பெறுநர் எழுதும் வரிசையிலேயே எழுதுவது தவறுக்கு மிகக் குறைந்த இடம் தரும். இம்முறை சற்றே விறைப்பாகத் தோன்றும் என்பது உண்மை. ஆயினும் முதல் மடலுக்கு மட்டுமே அது தேவைப்படும், ஏனெனில் மறுமொழியின் அடியில் பெறுநர் தம் பெயரை எழுதும் விதமே அடுத்த மடலின் விளியைக் காட்டித் தந்துவிடும்.