நேரிணைப்புச் செப்பு வடமும் எஸ்.எஃப்.பி ஒளியிழை இணைப்பும்

'''நேரிணைப்புச் செப்பு வடம்''' என்பது இரு முனைகளிலும் செருகிகள் நிலையாகப் பொருத்தப்பட்ட, குறுந்தூரக் கணினி வலையமைப்பு இணைப்புகளுக்குப் பயன்படும் செப்பு வடம் ஆகும். இது வழக்கில் டாக் கேபிள் எனப்படுகிறது. இரண்டு சுவிட்சுகளை நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் இணைக்க இவ்வடத்தைப் பயன்படுத்தலாம். அல்லது ஒவ்வொரு சுவிட்சிலும் ஓர் எஸ்.எஃப்.பி பிளஸ் டிரான்ஸீவரைச் செருகி, அவற்றுக்கிடையே ஒளியிழை வடத்தைப் பொருத்தலாம். இரு முறைகளும் ஒரே வகைப் போர்ட்டையே பயன்படுத்துகின்றன. சுவிட்சுகள் வெவ்வேறு நிறுவனங்களின் தயாரிப்புகளாக இருக்கும்போது இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது, தூரத்தை மட்டுமன்றி, செருகியினுள் எழுதப்பட்டுள்ள நிறுவன அடையாளத்தையும் பொறுத்தது.

== அமைப்பு ==

டாக் வடத்தின் உள்ளே இரட்டை அச்சுச் செப்புக் கம்பிகள் உள்ளன. முனைகளில் உள்ள உலோகச் செருகிகள் பார்ப்பதற்கு டிரான்ஸீவர் போலவே இருந்தாலும், செயலற்ற வகை வடத்தில் ஒளியை உருவாக்கும் உறுப்போ சமிக்ஞையைப் பெருக்கும் உறுப்போ இல்லை. சுவிட்சு அனுப்பும் மின்சமிக்ஞை அப்படியே மறுமுனையை அடைகிறது. எனவே இவ்வகை மிகக் குறைந்த மின்சாரத்தையே எடுத்துக்கொள்கிறது, விலையும் குறைவு. செயல்படும் வகை வடத்தில் சமிக்ஞையைச் சீரமைக்கும் மின்சுற்று செருகிக்குள் இருக்கும்.

ஒளியிழை முறையில் டிரான்ஸீவர் மின்சமிக்ஞையை ஒளியாக மாற்றி அனுப்புகிறது. மறுமுனையில் உள்ளது ஒளியை மீண்டும் மின்சமிக்ஞையாக மாற்றுகிறது. இங்கு டிரான்ஸீவர் வேறு, வடம் வேறு. ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். டாக் வடத்தில் ஒரு முனை பழுதானாலும் முழு வடத்தையும் மாற்ற வேண்டும்.

== தூரம் ==

10 கிகாபிட் வேகத்தில் செயலற்ற டாக் வடங்கள் பொதுவாக 1 முதல் 5 மீட்டர் வரையிலும், செயல்படும் வகை 10 மீட்டர் வரையிலும் விற்கப்படுகின்றன. ஒரே அடுக்குச் சட்டத்திலோ பக்கத்துச் சட்டத்திலோ உள்ள சுவிட்சுகளுக்கு இது போதுமானது. 850 நானோமீட்டர் ஒளியைப் பயன்படுத்தும் எஸ்.ஆர் வகை டிரான்ஸீவர், ஓ.எம்-3 ஒளியிழையில் 300 மீட்டர் வரை செல்லும். ஒற்றைமுறை ஒளியிழையில் 1310 நானோமீட்டரைப் பயன்படுத்தும் எல்.ஆர் வகை 10 கிலோமீட்டர் வரை செல்லும்.

தூரம் குறைவாக இருந்தாலும் டாக் வடம் ஏற்றதாக இல்லாத சூழல் ஒன்று உண்டு. அதன் உலோக உறை இரு சுவிட்சுகளின் சட்டகங்களையும் மின்வழியாக இணைக்கிறது. தனித்தனி மின்வழங்கலும் தனித்தனி நில இணைப்பும் கொண்ட இடங்களுக்கிடையே இது விரும்பத்தக்கதன்று. ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது.

== நிறுவனப் பொருத்தம் ==

எஸ்.எஃப்.பியின் அளவும் இணைப்பு முனைகளும் பல நிறுவனங்களின் கூட்டு ஒப்பந்தத்தால் வரையறுக்கப்பட்டன; அவ்வரையறை 2001-இல் வெளியானது. எனவே எந்த நிறுவனத்தின் செருகியும் எந்தச் சுவிட்சிலும் நுழையும். ஆனால் நுழைவதும் இயங்குவதும் ஒன்றல்ல.

ஒவ்வொரு செருகியிலும், டாக் வடத்தின் இரு முனைகள் உட்பட, ஒரு சிறு நினைவகச் சில்லு உள்ளது. அதன் 20 முதல் 35 வரையிலான பைட்டுகளில் தயாரிப்பாளர் பெயரும், 40 முதல் 55 வரையிலானவற்றில் பொருள் எண்ணும், 68 முதல் 83 வரையிலானவற்றில் தொடர் எண்ணும் எழுதப்பட்டுள்ளன. 96-இல் தொடங்கும் பகுதி தயாரிப்பாளரின் சொந்தப் பயன்பாட்டுக்கு விடப்பட்டுள்ளது. செருகியைப் பொருத்தியவுடன் சுவிட்சு இவற்றைப் படிக்கிறது. சில நிறுவனங்களின் சுவிட்சுகள், தம் நிறுவனக் குறியீடு இல்லாத செருகியைக் கண்டால் அந்தப் போர்ட்டை முடக்கிவிடுகின்றன. இது மென்பொருள் விதித்த தடையே அன்றி, மின்னியல் பொருத்தமின்மை அன்று.

இதனால் இரு முறைகளுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு எழுகிறது. ஒளியிழை முறையில் ஒவ்வொரு சுவிட்சும் தன்னுள் செருகப்பட்ட டிரான்ஸீவரை மட்டுமே படிக்கிறது. மறுமுனையில் இருப்பது எந்த நிறுவனத்துடையது என்பதை அது அறியாது. ஒளியின் அலைநீளமும் வேகமும் ஒத்திருந்தால் போதும். டாக் வடத்திலோ இரு முனைகளும் ஒரே பொருளின் பகுதிகள். ஒரு நிறுவனத்திடம் வாங்கிய வடத்தின் இரு முனைகளிலும் அந்நிறுவனத்தின் பெயரே இருக்கும்.

== எடுத்துக்காட்டு ==

ஒரே சட்டத்தில் ஒரு சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்சும் ஓர் அரூபா சுவிட்சும் உள்ளன எனக் கொள்வோம். 3 மீட்டர் நீளமுள்ள <code>SFP-H10GB-CU3M</code> என்னும் சிஸ்கோ வடத்தால் இவை இணைக்கப்படுகின்றன. சிஸ்கோ முனை ஏற்கப்படுகிறது. அரூபா முனை மறுக்கப்படலாம். அப்போது சிஸ்கோவில் <code>notconnect</code> என்று மட்டுமே தெரியும். பழுது அங்கே இருப்பதாகத் தோன்றினாலும் காரணம் மறுமுனையில் உள்ளது. மாறாக அரூபா வடத்தைப் பயன்படுத்தினால், மாதிரியைப் பொறுத்து, சிஸ்கோ போர்ட் <code>err-disabled</code> நிலைக்குச் செல்லக்கூடும். <Code>gbic-invalid</code> என்னும் காரணம் பதிவேட்டில் காணப்படும்.

இதற்கு மூன்று தீர்வுகள் உள்ளன.

முதலாவது, இரு முனைகளிலும் வெவ்வேறு குறியீடு எழுதப்பட்ட வடத்தை வாங்குவது. மூன்றாம் தரப்பு விற்பனையாளர்கள் ஒரு முனையைச் சிஸ்கோவுக்கும் மறுமுனையை அரூபாவுக்கும் ஏற்ப எழுதித் தருகின்றனர். இத்தகைய வடத்தைப் பொருத்தும்போது எந்த முனை எதற்குரியது என்பதைச் சிட்டையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, தடையை நீக்குவது. சிஸ்கோவில் பின்வரும் கட்டளைகள் பயன்படுகின்றன:

```
configure terminal
service unsupported-transceiver
no errdisable detect cause gbic-invalid
interface TenGigabitEthernet1/1/1
shutdown
no shutdown
```

அரூபாவில், இவ்வசதியுள்ள மென்பொருள் பதிப்புகளில், இதற்கு இணையான கட்டளை:

```
allow-unsupported-transceiver
```

இம்முறை செலவற்றது. எனினும் எல்லா மாதிரிகளும் இதை ஏற்பதில்லை. மேலும், ஆதரவற்ற செருகி பொருத்தப்பட்ட இணைப்பில் சிக்கல் ஏற்பட்டால், அதை முதலில் அகற்றும்படி தயாரிப்பாளரின் ஆதரவுப் பிரிவு கோரக்கூடும்.

மூன்றாவது, ஒளியிழைக்கு மாறுவது. சிஸ்கோவில் <code>SFP-10G-SR</code>, அரூபாவில் <code>J9150D</code> ஆகியவற்றைச் செருகி, ஓ.எம்-3 வடத்தால் இணைக்கலாம். இரண்டும் 850 நானோமீட்டர் எஸ்.ஆர் வகையாதலால் ஒன்றையொன்று புரிந்துகொள்கின்றன; ஒவ்வொரு சுவிட்சும் தன் நிறுவனச் செருகியையே காண்கிறது. டாக் வடத்தைவிடச் செலவு கூடுதல். ஆனால் பிற்காலத்தில் ஒரு சுவிட்சை வேறு நிறுவனத்துக்கு மாற்றினால், அந்த முனையின் டிரான்ஸீவரை மட்டும் மாற்றினால் போதும்.

== பழுது கண்டறிதல் ==

இணைப்பு எழாதபோது இரு முனைகளின் நிலையையும் பார்க்க வேண்டும். ஒரு முனை முடக்கப்பட்டிருந்தால் அது நிறுவனப் பொருத்தச் சிக்கலாக இருக்கலாம். இரு முனைகளும் செருகியை ஏற்றும் இணைப்பு எழவில்லையெனில் வடத்தையே ஐயுற வேண்டும்.

ஒளியிழையில் <code>show interfaces transceiver detail</code> என்னும் சிஸ்கோ கட்டளை, பெறப்படும் ஒளியின் திறனைக் காட்டும். எஸ்.ஆர் வகைக்கு இது -9.9 டி.பி.எம்முக்குக் கீழே இறங்கக் கூடாது. -40 அளவில் இருந்தால் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். அனுப்பும் இழையும் பெறும் இழையும் இடம் மாறியிருப்பது இதற்கான பொதுவான காரணம். ஒரு முனையில் எஸ்.ஆர், மறுமுனையில் எல்.ஆர் எனப் பொருத்துவதும் அடிக்கடி நிகழும் பிழை.

செயலற்ற டாக் வடத்தில் இத்தகைய அளவீடு கிடையாது. இணைப்பு எழுந்த பின்பும் போர்ட்டின் சி.ஆர்.சி பிழை எண்ணிக்கை தொடர்ந்து உயர்ந்துகொண்டிருந்தால், வடம் மிகக் கூர்மையாக வளைக்கப்பட்டிருக்கலாம், அல்லது அந்தப் போர்ட்டுக்கு அதன் நீளம் மிகுதியாக இருக்கலாம். அத்தகைய நிலையில் குறைந்த நீள வடத்தைப் பொருத்திப் பார்ப்பதே எளிய சோதனை ஆகும்.