கடன் கட்டியாச்சு... அடமான பாலிசியை மீட்க வங்கிக்கு எப்படி கடிதம் எழுதணும்?

ஒருவர் தனது 5 லட்சம் ரூபாய் எல்ஐசி பாலிசியை வங்கி பெயருக்கு அசைன்மென்ட் செய்து, 3 லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறார் என வைத்துக்கொள்வோம். கடைசி தவணையைக் கட்டியதும் பாலிசி தானாக அவர் பெயருக்கு வந்துவிடாது. எல்ஐசி பதிவேட்டில் வங்கி பெயர்தான் நீடிக்கும். இந்த நிலையில் அவர் இறந்துவிட்டால், கடன் பாக்கி இல்லைன்னு நிரூபிக்க குடும்பம் அலைய வேண்டியிருக்கும்.

அதனால் கடன் முடிந்ததுமே கிளை மேலாளருக்கு இப்படி எழுதுங்க:

"ஐயா, எனது கடன் கணக்கு எண் ......... முழுவதும் செலுத்தி, ......... தேதியில் முடிக்கப்பட்டது. இதற்கு ஈடாக வங்கிக்கு அசைன் செய்த பாலிசி எண் ......... ஐ என் பெயருக்கு ரீஅசைன்மென்ட் செய்து, அசல் பத்திரத்தையும் நிலுவையில்லா சான்றிதழையும் வழங்க வேண்டுகிறேன்."

கடித நகலில் வங்கியின் முத்திரையுடன் ஒப்புதல் வாங்கிக்கோங்க. பத்திரம் கைக்கு வந்ததும் ரீஅசைன்மென்ட் குறிப்பில் தேதி, அதிகாரியின் கையெழுத்து, முத்திரை இருக்கான்னு பாருங்க.

வேலை இதோடு முடியல. அந்தப் பத்திரத்தை எல்ஐசி கிளையில் கொடுத்து, மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். அப்போதே நாமினி பெயர் பதிவில் சரியாக இருக்கிறதா என்றும் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.