ஆளுக்கு ஐம்பது பக்கமா, ஆளுக்கு ஒரு பக்கமா?



நம் குழுவில் இருநூறு பக்கப் பழைய புத்தகம் ஒன்றைக் கணினியில் ஏற்றத் தொடங்கினோம். நான்கு பேருக்கு ஆளுக்கு ஐம்பது பக்கமாகப் பிரித்துக் கொடுத்தேன். ஒருவனுக்கு ஷிப்மெண்ட் நெருங்கி நைட் ஷிப்ட் வந்துவிட்டது. அவன் கையில் இருந்த ஐம்பது பக்கம் மூன்று மாதம் அப்படியே கிடந்தது. நான் மறுபடி கேட்கவும் கூசினேன், அவன் திருப்பித் தரவும் கூசினான். தப்பு அவன் மேல் இல்லை, நான் பிரித்த விதத்தில்தான்.

இதே சிக்கலை நமக்கு முன்பே சந்தித்தவர்கள் உண்டு. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஓய்வு நேரத்தில் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். பெரும்பாலும் ஒரு நூலை ஒருவர் அடிப்பார், இன்னொருவர் பிழை பார்ப்பார். அந்த ஒருவருக்கு வேலை மாறினாலோ உடம்பு முடியாமல் போனாலோ நூல் முழுவதும் நின்றுவிடும்.

2000இல் அமெரிக்காவில் சார்லஸ் பிராங்க்ஸ் என்பவர், குட்டன்பர்க் திட்டத்தின் நூல்களுக்காக வேலையைப் பக்கம் பக்கமாக உடைத்தார். திரையில் பக்கத்தின் படமும் எழுத்தும் ஒன்றாக வரும். ஒரு பக்கத்தைத் திருத்திச் சேமித்துவிட்டுப் போய்விடலாம். மறுநாள் வரவேண்டிய கடமை இல்லை. முடிக்காமல் விட்ட பக்கம் பொதுவுக்கே திரும்பிவிடும். மதுரைத் திட்டமும் பின்னாளில் இந்த வழிக்கு வந்தது. அதன் பல நூல்களின் தொடக்கத்தில் பிழை திருத்தியவர் பெயர்கள் வரிசையாக இருப்பது அதனால்தான்.

தமிழ் விக்கிமூலத்தில் இதற்கு நிறமும் உண்டு. திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தது பச்சை. மஞ்சளாக்கியவரே அதைப் பச்சையாக்க முடியாது.

சின்னதாக வெட்டினால் வேறு தொல்லை வரும். பக்கத்தின் கடைசியில் பாதிச் சொல் அறுந்து நிற்கும். 1978க்கு முந்தைய ‘லை’, ‘னை’ எழுத்துகளைக் கணினி தப்பாகப் படிக்கும். ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஒருவர் பழைய சந்தியை அப்படியே விடுவார், இன்னொருவர் திருத்திவிடுவார். கட்டிங்கில் ஒவ்வொரு பீஸிலும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டாவிட்டால் ஒரே பனியனில் கை ஒரு ஷேடு, உடம்பு ஒரு ஷேடு என்று வருமே, அந்தக் கதைதான். ஆகவே ‘அச்சில் உள்ளபடியே’ என்ற விதியை வேலை தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும்.

நாங்களும் மாற்றினோம். பக்க எண், எடுத்தவர் பெயர், எடுத்த தேதி என்று மூன்று கட்டம். மூன்று நாளில் வராத பக்கத்தை யாரும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். அந்த நைட் ஷிப்ட் பையன் டீ இடைவேளையில் இரண்டு பக்கம் முடிக்கிறான். சில வாரம் ஒன்றும் எடுப்பதில்லை, யாரும் கேட்பதும் இல்லை.

87ஆம் பக்கம் மட்டும் ஓரம் கிழிந்து நிற்கிறது. அந்தப் பதிப்பின் இன்னொரு பிரதி யார் வீட்டிலாவது இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்.